ஏழு டாலருக்குக் கீழே என்றால் வேண்டாம்

அமெரிக்காவில் டெலிவரி வேலை செய்யும் ஒருவரின் போன் ஒலிக்கிறது. திரையில் உணவகத்தின் பெயர், மொத்தம் எத்தனை மைல், எத்தனை மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், குறைந்தது எவ்வளவு பணம் உறுதி என்ற விவரங்கள் வருகின்றன. கூடவே விநாடிகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு நிமிடம்கூட அவகாசம் இல்லை. அதற்குள் ஏற்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். எதையும் தொடாமல் விட்டுவிட்டால் அதுவும் மறுத்ததாகவே கணக்கில் ஏறும்.

இது டோர்டேஷ் செயலி. அமெரிக்காவின் மிகப் பெரிய உணவு டெலிவரி நிறுவனம் அது. அதில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 'டாஷர்' என்று பெயர். நிறுவனத்தின் பார்வையில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, சுயமாகத் தொழில் செய்கிறவர்கள். அதனால் எந்த ஆர்டரையும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காக மட்டும் யாருடைய கணக்கையும் முடக்குவதில்லை என்கிறது நிறுவனம். ஆனால் ஒவ்வொரு மறுப்பும் பதிவாகிறது. அந்தப் பதிவிலிருந்து 'அக்செப்டன்ஸ் ரேட்' என்ற ஏற்பு விகிதம் பிறக்கிறது. அடுத்து அவருக்கு எந்த மாதிரியான ஆர்டர் வரும் என்பதில் அந்த விகிதத்துக்கும் பங்கு உண்டு.

முதலில், ஒருவர் ஏன் வேலையை மறுக்கிறார்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். திரையில் 5 டாலர், 8 மைல் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், டயர், காப்பீடு, வண்டியின் தேய்மானம் எல்லாம் சேர்த்து, தொழிலுக்காக ஓட்டும் ஒரு மைலுக்கு 70 சென்ட் செலவு என்று 2025-ஆம் ஆண்டுக்கு அமெரிக்க வருமான வரித்துறை நிர்ணயித்திருக்கிறது. எட்டு மைலுக்கு 5 டாலர் 60 சென்ட். ஆர்டரை எடுத்தால் கையிலிருந்து 60 சென்ட் போகிறது. பழைய சிறிய கார், பாதிச் செலவுதான் ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும் மிஞ்சுவது 2 டாலர் 20 சென்ட். உணவகத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் அரை மணி நேரத்துக்கு மேல் உழைத்ததற்கான கூலி அது. வாடிக்கையாளரின் வீடு ஊருக்கு வெளியே இருந்தால் திரும்பி வருவதும் சொந்தச் செலவுதான். அந்த மைல்கள் திரையில் வருவதே இல்லை.

இவ்வளவு குறைவாக ஏன் வருகிறது என்றால், நிறுவனம் தரும் அடிப்படைத் தொகை பல ஆர்டர்களுக்கு 2 டாலரிலிருந்துதான் தொடங்குகிறது. மீதி எல்லாம் வாடிக்கையாளர் தரும் டிப்ஸ். அதை ஆர்டர் போடும்போதே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். டிப்ஸ் இல்லாத ஆர்டரைத் தொகையைப் பார்த்தே டாஷர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒருவர் மறுத்தால் அது அடுத்தவருக்குப் போகும், அவரும் மறுத்தால் இன்னொருவருக்கு. பலர் தள்ளிவிட்ட ஆர்டருக்கு நிறுவனம் அடிப்படைத் தொகையைக் கொஞ்சம் உயர்த்தும். தூரம், நேரம் இவற்றோடு ஆர்டரை எடுக்க ஆள் முன்வருகிறார்களா என்பதையும் வைத்தே தொகை அமைகிறது என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் 2019-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த இரண்டு டாஷர்கள் பேஸ்புக்கில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'டிக்ளைன் நவ்'. விதி ஒன்றுதான்: 7 டாலருக்குக் கீழே வரும் எதையும் எடுக்காதே. எல்லோரும் சேர்ந்து மறுத்தால் நிறுவனம் தொகையை ஏற்றியே ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். மற்றவர்கள் உயர்ந்த ஏற்பு விகிதத்தைப் பெருமையாகக் காட்டிக்கொள்ள, இவர்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்ட தங்கள் விகிதத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். சங்கம் வைக்கவோ பேரம் பேசவோ வழியில்லாத வேலையில், மறுக்கும் பொத்தானையே அவர்கள் வேலைநிறுத்தமாக மாற்றிய துணிச்சல் மதிக்கத்தக்கது.

ஆனால் நிறுவனத்தின் கையில் எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு கயிறு இருந்தது. 'டாப் டாஷர்' என்ற தகுதி அது. அதற்குப் பல நிபந்தனைகள் இருந்தன. அவற்றில் டாஷர்களை அதிகம் வாட்டியது, ஏற்பு விகிதம் 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது. அந்தத் தகுதி இருந்தால் நினைத்த நேரத்தில் செயலியைத் திறந்து வேலையைத் தொடங்க முடிந்தது. இல்லாதவர்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அல்லது அந்தப் பகுதியில் ஆள் தேவைப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்ற படிகளிலும் ஏற்பு விகிதமே முக்கிய அளவுகோல். மேல்படிக்குப் போகப்போக நல்ல தொகை உள்ள ஆர்டர்களில் முன்னுரிமை.

முன்னுரிமை என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆர்டர் யாருக்குப் போகிறது என்பதை உணவகத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறார், சாப்பாடு எப்போது தயாராகும் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதே உணவகத்தின் அருகே இரண்டு பேர் நின்றால், உயர்ந்த படியில் இருப்பவருக்கு வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். பிளாட்டினம் வாங்கியவருக்கும் மூன்று டாலர் ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கும். அதில் பெரும்பாலானவற்றை அவர் எடுத்தும் ஆக வேண்டும்; எடுக்காவிட்டால் அந்தப் படி நிலைக்காது. நல்ல ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் மோசமான ஆர்டர்களைச் சுமக்க வைக்கிறது இந்த ஏற்பாடு. யாரும் எடுக்காத ஆர்டரைத் தொகையை ஏற்றாமலே தீர்ப்பதற்கு இதைவிடச் செலவில்லாத வழி ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்காது.

விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசியாக வந்த 100 ஆர்டர்களில் எத்தனையை ஏற்றார் என்பதுதான் எண். புதிதாக ஒன்று வந்தால் மிகப் பழைய ஒன்று பட்டியலிலிருந்து விழும். இதனால் ஒன்றை ஏற்றால் விகிதம் கூடும் என்று சொல்ல முடியாது. விழுந்த பழைய ஆர்டரும் ஏற்றதாக இருந்தால் எண் அசையாது. விழுந்தது மறுத்ததாக இருந்தால்தான் ஒரு புள்ளி ஏறும்.

ஒருவரின் விகிதம் 40-இல் இருக்கிறது, ஏற்றதும் மறுத்ததும் பட்டியலில் கலந்து கிடக்கின்றன என்று எடுத்துக்கொள்வோம். அவர் 70-ஐத் தொட நினைக்கிறார். வேண்டியது 30 புள்ளிதானே, 30 ஆர்டரைத் தொடர்ந்து எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. 30 எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் 70 பழைய ஆர்டர்களில் 28 மட்டுமே ஏற்றவை. ஆக மொத்தம் 58-தான் வரும். ஐம்பது ஆர்டரை ஒன்றுவிடாமல் எடுத்தால்தான் 50-உம் 20-உம் சேர்ந்து 70 ஆகும். அந்த ஐம்பதில் வரும் நஷ்ட ஆர்டர்கள்தான் மேல்படிக்கு அவர் கட்டும் நுழைவுக் கட்டணம். மாதக் கடைசியில் டாஷர்கள் பலர் இரண்டு டாலர், மூன்று டாலர் ஆர்டரையெல்லாம் வாரிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

புதியவர்கள் விழும் குழி வேறு. விகிதம் இறங்கக் கூடாது என்று முதலில் ஏற்றுவிட்டு, பிறகு செயலியிலேயே ஆர்டரைக் கைவிடுவார்கள். ஏற்பு விகிதம் காப்பாற்றப்படும், உண்மைதான். ஆனால் ஏற்றதில் எத்தனையை முடித்தார் என்று இன்னொரு விகிதம் தனியாக ஓடுகிறது. ஏற்பு விகிதம் குறைந்தால் சலுகை போகும். முடிக்கும் விகிதம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கணக்கே போய்விடலாம். பிடிக்காத ஆர்டரை முதலிலேயே மறுப்பதுதான் எப்போதும் குறைந்த சேதம்.

70 சதவீதத்தைத் துரத்துவது லாபமா என்பதை ஒருவர் தனக்குத்தானே சோதித்துக்கொள்ள முடியும். செயலி இரண்டு நேரங்களைக் காட்டுகிறது: வேலைக்கு வந்து நின்ற மொத்த நேரம், கையில் ஆர்டர் இருந்த நேரம். இரண்டாவதால் வருமானத்தை வகுத்தால் எண் அழகாகத் தெரியும். காத்திருந்த நேரம் அதில் மறைந்துவிடும். மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். கார் மீட்டரைப் பார்த்து, காலியாகத் திரும்பிய மைலையும் சேர்த்துச் செலவைக் கழிக்க வேண்டும். சில வாரங்கள் தேர்ந்து எடுத்தும், சில வாரங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்தும் இந்த எண்ணை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அந்த விடை ஊருக்கு ஊர் மாறும். டாஷர்கள் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் முன்னுரிமைக்கு மதிப்பு அதிகம். ஆள் குறைவான சிறிய ஊரில் நல்ல ஆர்டர் எப்படியும் அவரிடமே வந்துவிடும்.

மறுப்பின் விளைவு வாடிக்கையாளரின் திரைவரை போய்விட்டது. டிப்ஸ் வைக்காமல் ஆர்டர் போடுகிறவர்களுக்கு, உணவு வந்து சேரத் தாமதமாகலாம் என்ற எச்சரிக்கையை 2023 இறுதியில் டோர்டேஷ் காட்டத் தொடங்கியது. தொகை போதவில்லை என்று டாஷர்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னதை நிறுவனம் கேட்டது. பணத்தை யார் போட வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிட்டது.

பிரிட்டனில் இதே விகிதம் நீதிமன்றப் படியேறியது. லண்டன் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வந்த சான்றுகளின்படி, அழைப்புகளில் 80 சதவீதத்தையாவது ஏற்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. விகிதம் குறைந்தால் எச்சரிக்கை வரும், ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கடுமையாக. அப்படியும் ஏறாவிட்டால் செயலி தானாக அவரை வெளியே தள்ளி, பத்து நிமிடம் கதவைச் சாத்தும். எங்கே போக வேண்டும் என்பதும் பயணியை ஏற்றும்வரை அவருக்குத் தெரியாது. மறுக்க உரிமை உண்டு என்று எழுதிவைத்துவிட்டு, மறுத்தால் தண்டித்தால் அது சுயதொழில் ஆகாது, நிறுவனம் ஆளைக் கட்டுப்படுத்துகிறது என்றே பொருள் என்பது நீதிபதிகள் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் பெறும் தொழிலாளர்கள் என்று ஓட்டுநர்களை அது ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் 2022 மே மாதம் ஊபர் ஒரு மாற்றத்தை அறிவித்தது. போகுமிடத்தை ஓட்டுநர் முன்கூட்டியே பார்க்கலாம், ஆனால் நிறுவனம் வகுத்த ஏற்பு அளவைத் தொட்டவர்களுக்கு மட்டும். "எங்க போகணும், கேஷா ஆன்லைனா?" என்று போனில் கேட்டுவிட்டு ரத்து செய்கிறார்கள் என்று பயணிகள் புகார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. போகுமிடம் தெரியாமலே நிறைய சவாரிகளை ஏற்றவருக்குத்தான் போகுமிடம் காட்டப்படும் என்ற அந்த நிபந்தனையை ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டில் ஊபர் அதை நீக்கியது.

கர்நாடகம் 2025-இல் இயற்றிய கிக் தொழிலாளர் சட்டம், செயலியின் தானியங்கி முடிவுகள் ஒருவரின் வேலையையும் வருமானத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பதை அவருக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தார், வாரியமும் வந்தது. எந்த விகிதத்துக்குக் கீழே போனால் எது பறிபோகும், மறுத்தது எத்தனை நாள் கணக்கில் நிற்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டுகிறவரிடம் தமிழில் எழுத்தாகத் தர வேண்டும் என்ற விதியையும் அரசு இங்கே கொண்டுவர வேண்டும்.