“மேற்கண்ட அனைத்தும்” சரியா? “இவற்றுள் எதுவுமில்லை” சரியா?

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவியருக்கு ஒரு பொது அறிவுப் போட்டி நடத்தும் பொறுப்பு மேல்நிலை வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியான ஒன்றை வட்டமிட வேண்டும். கேள்வி தயாரிப்பது எளிய வேலை என்று எண்ணி ஒரே மாலையில் முடித்துவிட்டோம். மூன்று விடைகள் எழுதியபின் நான்காவது தோன்றாதபோதெல்லாம் “மேற்கண்ட அனைத்தும்” என்றோ, “இவற்றுள் எதுவுமில்லை” என்றோ எழுதி இடத்தை நிரப்பினோம். பிறகு எண்ணிப் பார்த்தபோது அப்படிப் பதினொரு கேள்விகள் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்களை நன்றாகச் சிக்க வைத்தது.

கேள்வி இதுதான். சேலம் மாவட்டத்தில் உள்ள மலை எது? அ) சேர்வராயன் மலை ஆ) அருநூத்துமலை இ) கஞ்சமலை ஈ) மேற்கண்ட அனைத்தும்.

ஈ என்பதே விடை என்று திருத்தினோம். ஒரு மாணவி அ என்று வட்டமிட்டிருந்தாள். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவள் முதற்பரிசை இழந்தாள். மறுநாள் அவளுடைய தாயார், பாக்கு உரிக்கும் வேலைக்குப் போகும் வழியில், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், சேர்வராயன் மலை சேலம் ஜில்லாவுல இல்லீங்களா?”

“இருக்குதும்மா.”

“அப்புறம் எதுக்குங்க என் புள்ளைக்குத் தப்புப் போட்டிருக்காங்க?”

சிஸ்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதிலே கிடையாது. “மலை எது” என்று ஒருமையில் கேட்டுவிட்டு, உண்மையான ஒரு மலையைச் சொன்னவளுக்குத் தவறு போட்டிருக்கிறோம். “அனைத்தும்” என்பது சரியான விடையாக இருக்கும்போது, அதற்கு மேலே உள்ள மூன்றும் பொய்யல்ல, மூன்றும் மெய்யே. முதல் வரியிலேயே உண்மையைக் கண்டு வட்டமிட்ட பெண்ணுக்கு அவசரக்காரி என்ற பெயரைக் கொடுக்கலாமே ஒழிய, அறியாதவள் என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான குறையும் அதே கேள்வியில் இருந்தது. ஈ என்று எழுதி மதிப்பெண் பெற்ற ஒருத்தியிடம் கஞ்சமலை எங்கே இருக்கிறது என்று கேட்டோம். “தெரியாதுங்க அக்கா. ஏற்காடு சேர்வராயன் மலையில இருக்குது, அருநூத்துமலை நம்ம ஊர்ப் பக்கம். ரெண்டு சரின்னா மூணாவதும் சரியாத்தானே இருக்கணும்?” என்றாள். மூன்று மலைகளைப் பற்றிக் கேட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் இரண்டு தெரிந்தாலே போதும். சேலத்துக்கு மேற்கே இரும்புத் தாதுக்குப் பெயர்பெற்ற கஞ்சமலையைக் கேள்விப்பட்டிராதவளும் முழு மதிப்பெண் வாங்கலாம். அதேபோல மூன்றில் ஒன்று தவறு என்று தெரிந்தால், “அனைத்தும்” என்பதையும் கூடவே அடித்துவிடலாம். ஒன்றை அறிந்தவளுக்கு இரண்டு விடைகள் கழிந்து போகின்றன.

ஆக, தெரிந்தவள் தோற்கவும் தெரியாதவள் வெல்லவும் ஒரே கேள்வி இடம் கொடுத்தது. கேள்வியை நீக்கிவிடலாமா என்று பேசினோம். நான்கு விடைகளுமே உண்மையாக இருப்பதால் எதை வட்டமிட்டிருந்தாலும் மதிப்பெண் தருவதே நியாயம் என்று சிஸ்டர் முடிவு செய்தார். முதற்பரிசு இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

அதன்பிறகு கணக்கு டீச்சருடன் உட்கார்ந்து பதினொரு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். மலைக் கேள்வியை இப்படி மாற்றினோம். இன்றைய சேலம் மாவட்டத்தில் உள்ள மலைகள் எவை? 1. சேர்வராயன் மலை 2. அருநூத்துமலை 3. கஞ்சமலை 4. கொல்லிமலை. விடைகள்: அ) 1, 2 மட்டும் ஆ) 1, 2, 3 மட்டும் இ) 1, 3, 4 மட்டும் ஈ) 1, 2, 3, 4. இப்போது முதல் இரண்டு மலைகள் மட்டும் தெரிந்தவளுக்கு அ, ஆ, ஈ மூன்றும் எதிரே நிற்கின்றன. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் ஈ போய்விடும். ஆனாலும் கஞ்சமலையை அறிந்தால்தான் அ, ஆ இரண்டில் ஒன்றைத் துணிய முடியும். “மட்டும்” என்ற சொல் இருப்பதால் பாதி உண்மையை வட்டமிட்டு, “நான் சொன்னதும் சரிதானே” என்று யாரும் வாதாடவும் இயலாது. “இன்றைய” என்ற சொல்லையும் வேண்டுமென்றே சேர்த்தோம். நாமக்கல் 1997ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் படித்த பெற்றோர்களைக் கேட்டால் கொல்லிமலை சேலம் ஜில்லாதான் என்பார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரியே.

“மேற்கண்ட அனைத்தும்” என்பதற்கு மதிப்பெண் தரும் தேர்வில் இடமே இல்லை என்பது எங்கள் முடிவு. “மிக முழுமையான விடையைத் தேர்ந்தெடு” என்று கேள்வித்தாளில் முன்னதாகவே அறிவித்துவிட்டால், அந்தத் தாயாரின் வழக்கு எழாது, உண்மைதான். ஆனால் இரண்டு தெரிந்தால் மூன்றாவதும் கிடைத்துவிடும் என்ற ஓட்டை அப்போதும் அடைபடாது. இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. பார்த்து எழுதுவதைத் தடுக்க விடைகளின் வரிசையை மாற்றி இரண்டு வகைத் தாள்கள் அச்சிட்டால், “மேற்கண்ட அனைத்தும்” இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும். அதற்கு மேற்கண்டது ஒன்றே ஒன்றுதான்.

“இவற்றுள் எதுவுமில்லை” அவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. சில இடங்களில் அது நல்ல வேலை செய்கிறது. எங்கள் தாளில் இருந்த கணக்கைப் பாருங்கள். 800 ரூபாய் சேலைக்கு 10 சதவீதம் தள்ளுபடி. மீதித் தொகையில் மேலும் 10 சதவீதம் தள்ளுபடி. கொடுக்க வேண்டியது எவ்வளவு? முதல் தள்ளுபடி போக 720. அதில் 72 போக 648 ரூபாய். விடைகளாக 640, 648, 720, “எதுவுமில்லை” என்று கொடுத்திருந்தோம். 640 என்பது இரண்டு பத்தையும் கூட்டி இருபது சதவீதம் கழித்தவளின் விடை. 720 என்பது பாதியில் நிறுத்தியவளின் விடை. கைத்தவறாக 658 என்று கழித்தவள் என்ன செய்வாள்? நான்கும் எண்களாகவே இருந்தால், தன் விடை அங்கே இல்லாததைக் கண்டு மறுபடி போட்டுப் பார்ப்பாள். கேள்வித்தாளே அவளைத் தட்டி எழுப்பிவிடும். “எதுவுமில்லை” இருந்தால் அந்த உதவி கிடைக்காது. தன் கணக்கைத் தானே நம்ப வேண்டும். கணக்கில் சோதிக்க வேண்டியது அதுதானே.

ஆனால் “எதுவுமில்லை” என்பதே சரியான விடையானால் நிலைமை தலைகீழாகிறது. 648ஐ எடுத்துவிட்டு 640, 720, 152 என்று கொடுப்போம். (152 என்பது கிடைத்த தள்ளுபடித் தொகை, கேள்வியைச் சரியாகப் படிக்காதவள் அதை எழுதுவாள்.) இப்போது 648 கண்டவளும் “எதுவுமில்லை” என்பாள், 658 என்று பிசகியவளும் அதையே சொல்லி மதிப்பெண் பெறுவாள். இதை முழுவதும் தடுக்க வழியில்லை; குறைக்கலாம். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எவையோ, அவற்றின் விடைகள் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். அப்போது முறையில் தவறியவர்கள் அந்த எண்களில் ஒன்றில் விழுவார்கள். கைத்தவறு செய்த சிலர் மட்டுமே தப்புவார்கள். ஆகவே தாளில் நான்கு இடத்தில் “எதுவுமில்லை” வந்தால், ஓரிடத்திலாவது அது சரியான விடையாக இருக்கட்டும். எல்லா இடத்திலும் வேண்டாம். எப்போதும் தவறாகவே வந்தால் பிள்ளைகள் அதைப் படிக்காமலே அடித்துவிடுவார்கள். கெட்டிக்காரிகள் இதை இரண்டே தேர்வில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விட்டம் 14 செ.மீ. உள்ள வட்டத்தின் சுற்றளவு என்ன? அ) 22 ஆ) 44 இ) 154 ஈ) எதுவுமில்லை. விடை 44 என்று வைத்திருந்தோம். எங்களிலேயே ஒருத்தி ஈ என்றாள். பை என்பது 22/7 அன்று. அதற்கு நெருங்கிய எண்தான் 22/7. உண்மையான சுற்றளவு 43.98 செ.மீ.யைச் சற்றே தாண்டும், 44 ஆகாது என்று வாதாடினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே அவளுக்கே தீர்ப்புச் சொன்னார். “எதுவுமில்லை” என்ற வரி இல்லாவிட்டால் 44 தான் மிக நெருங்கிய விடை, சிக்கலில்லை. அந்த வரி வந்தவுடன் நெருங்கிய விடை போதாது, துல்லியமான விடை வேண்டும். “பை = 22/7 எனக் கொள்க” என்று எழுதியபின் கேள்வி சரியாயிற்று. இதனால்தான் “மிகப் பொருத்தமான பொருள் எது”, “முக்கியக் காரணம் எது” என்று கேட்கும் தமிழ், வரலாற்றுக் கேள்விகளில் அந்த வரியைச் சேர்க்கவே கூடாது. எது மிகப் பொருத்தம் என்பது எப்போதும் ஒப்பிட்டுச் சொல்வது. அங்கே, கொடுத்தவற்றைவிடச் சிறந்த ஒன்றைத் தன் மனத்தில் வைத்திருக்கும் பெண் “எதுவுமில்லை” என்றால், அவளை மறுக்க முடியாது.

மனப்பாடப் பகுதிகளில் வேறொரு கேடு. வெள்ளாற்றின் கிளையாறு எது என்று கேட்டு, மூன்று தவறான ஆறுகளைக் கொடுத்து, “எதுவுமில்லை” என்று முடித்தால், நம் பேளூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியின் பெயர் தாளிலேயே வராது. பெண் பிள்ளை மதிப்பெண்ணோடும், மூன்று தவறான பெயர்களோடும் வீடு திரும்புவாள். ஒரு விலக்கு உண்டு. இல்லை என்பதே அறிய வேண்டிய செய்தியாக இருக்கலாம். இந்திய அரசமைப்பு எந்த மொழியையும் தேசிய மொழி என்று குறிப்பிடவில்லை. 343ஆம் பிரிவு பேசுவது ஒன்றியத்தின் ஆட்சி மொழியைப் பற்றி. அதைக் கேட்கும்போதும் “எதுவுமில்லை” என்பதைவிட, “எந்த மொழியும் அவ்வாறு குறிப்பிடப்படவில்லை” என்று விடையை விரித்து எழுதினோம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வு எழுதும் அக்காமார் வீட்டில் உள்ள மாணவியர், அங்கே 2020 முதல் ஐந்தாவது வட்டம் வந்திருக்கிறதே, அதுவும் இதுதானா என்று கேட்டார்கள். அன்று. அந்த வட்டத்தின் பொருள் “விடை தெரியவில்லை” என்பது. காலியாக விட்ட வட்டங்களைப் பிறர் நிரப்பிவிடாமல் இருக்க, தேர்வு முறைகேடு வெளிப்பட்ட பின் கொண்டுவந்த ஏற்பாடு. “எதுவுமில்லை” என்பது கேள்வியைப் பற்றிய கூற்று. “தெரியவில்லை” என்பது தன்னைப் பற்றிய கூற்று. தேர்வறைப் பரபரப்பில் இரண்டையும் குழப்பிக்கொண்டால், தெரிந்த விடைக்கும் மதிப்பெண் போய்விடும். (2013இல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் சேர்ந்த “மேற்கண்ட யாருமில்லை” என்ற பொத்தான் இவ்விரண்டிலும் சேராது, அங்கே சரியான விடை என்று ஒன்று இல்லை.)

இந்த ஆண்டுப் போட்டிக்கான நாற்பது கேள்விகள் தயாராகிவிட்டன. “மேற்கண்ட அனைத்தும்” ஓரிடத்திலும் இல்லை. “இவற்றுள் எதுவுமில்லை” மூன்று இடங்களில் இருக்கிறது, மூன்றும் கணக்குகள். அவற்றுள் எது சரி என்பதை இங்கே எழுத முடியாது. எட்டாம் வகுப்பினரும் இந்த மலரைப் படிக்கிறார்கள்.