சீயக்காய்ப் பொடிக்குள் ஒரு பச்சைப்பயறு

2007-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு வீட்டையே பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி, உள்ளே மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவை நிரப்பினார்கள். பிரிட்டனிலிருந்து அங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் சாமான்களோடு கப்ரா வண்டு வந்து இறங்கியிருந்தது. அதன் நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதற்குப் பறக்கவும் தெரியாது. அதற்காகவா ஒரு வீட்டையே மூடினார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் தெரிந்துவிட்டால், ஊரிலிருந்து அனுப்பும் மூலிகைப் பொடிகள் ஏன் பாதி வழியில் நிற்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

கப்ரா வண்டின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். அரிசி, பயறு, விதை, உலர்ந்த மசாலா எல்லாம் அதற்கு உணவு. சேதம் செய்வது வண்டல்ல, உடம்பெல்லாம் மயிர் முளைத்த அதன் புழு. தின்ன எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் புழு சாவதில்லை. அட்டைப் பெட்டியின் மடிப்பிலோ மரப்பலகையின் விரிசலிலோ புகுந்துகொண்டு, வளர்ச்சியை நிறுத்திவைத்துப் பட்டினியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அந்த நிலையில் பூச்சிமருந்தும் அதன்மேல் அவ்வளவாக வேலை செய்யாது. 1953-இல் கலிபோர்னியாவில் இது கண்டுபிடிக்கப்பட்டபோது, அமெரிக்கா இதை ஒழிக்க 1966 வரை போராட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா கோதுமையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே இந்த வண்டு நிலைத்துவிட்டால், வாங்கும் நாடுகள் கதவைச் சாத்திவிடும்.

அதனால் 2020 அக்டோபரில் ஆஸ்திரேலியா ஒரு பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரக்கூடாது, தபாலிலும் அனுப்பக்கூடாது. அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பச்சைப்பயறு, காராமணி, மல்லி விதை, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், நிலக்கடலை எல்லாம் பட்டியலில் உண்டு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். விலக்கு சிலவற்றுக்கே கிடைக்கும். தொழிற்சாலையில் வறுத்தோ, பொரித்தோ, அவித்தோ, அதுபோல் வேறு வகையில் சூடாக்கியோ பதப்படுத்தி, வணிகமுறையில் உறையிட்டு வரும் பொருளுக்கு உண்டு. விதையிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் உண்டு.

ஒரு பார்சலைப் பிரித்துப் பார்ப்போம்

மெல்போர்னில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கு மதுரையிலிருந்து ஒரு பார்சல் போவதாக வைத்துக்கொள்வோம். மில்லில் அரைத்த சீயக்காய்ப் பொடி அரைக் கிலோ, சுக்குமல்லிப் பொடி கால் கிலோ, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நன்னாரி வேர் ஒரு கட்டு, செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர், யூகலிப்டஸ் தைலம் நூறு மில்லி. எல்லாமே நமக்கு மருந்துதான். மருந்தா உணவா என்பதற்கு முன்னால் அங்கே திறந்து பார்ப்பவர் வேறு மூன்றைப் பார்க்கிறார்: இது முளைக்குமா, இதற்குள் உயிருள்ள எதுவும் ஒளிந்திருக்குமா, வழியில் தீப்பிடிக்குமா.

சீயக்காயை முழுக் காயாக அனுப்பினால் முதல் கேள்வியிலேயே சிக்கும். உள்ளிருக்கும் விதை முளைக்கும், புதிய மண்ணில் களையாகவும் ஆகலாம். அரைத்துவிட்டால் விதையின் கரு சிதைந்துவிடுகிறது, அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் யாரும் வெறும் சீயக்காயை அரைப்பதில்லை. பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெந்தயம் சேர்ப்பார்கள், கூடவே இரண்டு கைப்பிடி பச்சைப்பயறும் போடுவார்கள். அந்தப் பயறு பட்டியலில் இருக்கிறது. சுக்குமல்லிப் பொடியின் கதையும் இதுதான். சுக்கால் வரும் சிக்கல் சிறிது, அதில் பாதியாக இருக்கும் மல்லியும் சீரகமும்தான் அதை மாட்டிவிடுகின்றன. கலவைப் பொடியில் ஆபத்து மிகுந்த பொருள் எதுவோ, அதை வைத்துத்தான் முழுப் பொட்டலத்தின் தீர்ப்பும்.

‘வறுத்துத்தானே அரைத்தோம்’ என்ற வாதம் இங்கே எடுபடாது. பொடியாக்கியதற்கு என்று தனி விலக்கு இல்லை. விலக்கு வெப்பத்துக்கும் வணிக உறைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுவது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாவும் பொடியும் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே கடத்தும். மொட்டைமாடியில் காயவைத்தால் மேற்பரப்பு சுடும், நடுப்பகுதி சூடேறாமல் கிடக்கும். வாணலியில் வறுக்கும்போதும் எல்லா விதைக்கும் ஒரே சூடு ஏறுவதில்லை. ஆலையில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்பதற்குப் பதிவேடு இருக்கும். வீட்டில் வறுத்ததற்குச் சாட்சி இல்லை. வறுத்தபின் டப்பாவைத் திறந்துவைத்தால் பூச்சி மறுபடியும் ஏறவும் செய்யும்.

மூலிகைப் பொடிக்கென்றே தனிப் பூச்சிகளும் உண்டு. ஆங்கிலத்தில் மருந்துக்கடை வண்டு என்று அழைக்கப்படும் ஒரு சிறு வண்டு, உலர்ந்த வேர், பட்டை, பொடி எதையும் விடாது. அனுப்புவதற்கு முன் நாமே சோதித்துப் பார்க்கலாம். பொடியில் நூலாம்படை பிடித்ததுபோல் சிறு கட்டிகள் இருக்கிறதா, பாக்கெட்டில் குண்டூசி முனை அளவுக்கு வட்டத் துளைகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் பரப்பிப் பத்து நிமிடம் விட்டால் ஊர்வது கண்ணில் படும். ஒன்று தெரிந்தாலும் அந்தப் பொட்டலத்தை அனுப்பக்கூடாது.

நன்னாரி வேரில் சிக்கல் வேரைவிட அதில் ஒட்டியிருக்கும் மண்ணில் அதிகம். ஒரு சிட்டிகை மண்ணில் நூற்புழு முட்டையும் பூஞ்சை வித்தும் பயணம் போகும். சுங்கத்தில் வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் பிடிபடும்போது, அநேகமாக இடுக்குகளில் உறைந்த மண்ணைத்தான் காட்டுவார்கள். அதோடு, முழுதாக உலராத வேருக்கு மறுபடி துளிர்க்கும் ஆற்றல் இருக்கக்கூடும். நன்னாரி வேண்டுமென்றால் ஆலையில் காய்ச்சி அடைத்த சர்பத் பாட்டில்தான் சுலபமான வழி.

எண்ணெயின் கணக்கு வேறு

பார்சலில் மிஞ்சியது எண்ணெயும் தைலமும். இங்கே பூச்சிக்கு வேலையில்லை, நெருப்புக்குத்தான் வேலை. ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பார்கள். அது 60 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால், விமானப் போக்குவரத்து விதிகள் அந்தத் திரவத்தை எரியும் பொருளாகக் கணக்கிடும். நல்லெண்ணெய்க்கு அந்த நிலை 200 டிகிரிக்கு மேல். அதனால் அது தீயென்ற கேள்வியில் தப்பிவிடுகிறது. விதை எண்ணெய் என்பதால் வண்டுப் பட்டியலிலும் விலக்கு உண்டு. ஆனால் பாட்டிலில் ஆலைச் சீட்டு இல்லாவிட்டால், உள்ளே இருப்பது என்னவென்று பார்ப்பவர் எப்படி நம்புவார்? மூடி நெகிழ்ந்து கசிந்தால் பக்கத்திலிருக்கும் பொடியும் முகவரிச் சீட்டும் சேர்ந்து வீணாகும்.

யூகலிப்டஸ் தைலத்தின் தீப்பற்று நிலையோ 50 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சர்வதேசத் தபாலில் எரியும் பொருள்களுக்கு இடமில்லை என்பதால் அந்த நூறு மில்லி பார்சலில் போகாது. பயணியின் நிலைமை வேறு. சொந்த உபயோகத்துக்கான மருந்து, அலங்காரப் பொருள்கள் என்ற கணக்கில் ஒவ்வொரு புட்டியும் அரை லிட்டருக்குள்ளும், எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டருக்குள்ளும் விமான விதி அனுமதிக்கிறது. கைப்பையில் வைத்தால் வழக்கமான நூறு மில்லி வரம்பும் சேரும். ஆக, அம்மா பையில் போகக்கூடிய தைலம், அம்மா அனுப்பும் தபாலில் போகாது. கற்பூரம் எரியும் திண்மம் என்ற வகையில் வருவதால் இரண்டு வழியிலும் கிடையாது. இந்திய விமானப் பாதுகாப்புத் துறை 2022-இல் கொப்பரையைச் சரக்குப் பெட்டியில் வைக்கவும் தடை விதித்தது. எண்ணெய்ப் பசையோடு அடைந்து கிடக்கும் கொப்பரை தானாகவே சூடேறிப் பற்றக்கூடிய பொருள் என்பதுதான் அதற்கு அடிப்படை.

ஊர் மாறினால் விதியும் மாறும்

இதே பார்சலின் முகவரியில் அமெரிக்கா என்று எழுதினால் கவலை வண்டிலிருந்து இலைக்கு மாறும். பச்சைக் கறிவேப்பிலையை அங்கே கொண்டுபோக முடியாது. ஆசிய எலுமிச்சைச் சாறுறிஞ்சி என்ற பூச்சி கறிவேப்பிலையில் வாழும். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சை நோய்க் கிருமியைச் சுமப்பதும் அதே பூச்சிதான். 2009-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், இந்தியாவிலிருந்து வந்த கறிவேப்பிலை இருந்த ஒரு பையை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. அதிலிருந்த பூச்சிகளிடம் அந்த நோய்க்கிருமியும் இருந்தது. நோய் என்ன செய்யும் என்பதற்கு ஃபுளோரிடா சாட்சி. 2005-இல் அங்கே நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் ஒரு பருவத்துக்கு 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2022-23 பருவத்தில் அது இரண்டு கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கிவிட்டது. உலர்ந்த மசாலாவைப் பெரும்பாலும் அனுமதிக்கும் அமெரிக்கச் சுங்கம், எலுமிச்சை இனத்து இலையை உலர்ந்திருந்தாலும் விலக்குகிறது. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டி அந்த வரிக்குள் வந்துவிடும். கைப்பையில் எந்தப் பொடியானாலும், அமெரிக்கா செல்லும் விமானத்தில் 350 மில்லியைத் தாண்டினால் தனிச் சோதனை உண்டு. அது எடையல்ல, கொள்ளளவு. சுமார் ஒரு பெரிய டம்ளர் பொடிதான். மிச்சத்தைச் சரக்குப் பெட்டியில் போடுவதே நல்லது.

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் கசகசா ஆகாது. விதையில் போதை அற்பம்தான், ஆனால் அறுவடையின்போது காயின் பால் மேலே ஒட்டிக்கொள்கிறது, அதில் மார்பின் உண்டு. அங்கே அது பூச்சிச் சட்டத்தின் கீழல்ல, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். கசகசா அரைத்துச் சேர்த்த லேகியத்துக்கும் அதே விதி பொருந்தும்.

அறிவித்தவருக்கும் மறைத்தவருக்கும்

ஆஸ்திரேலியாவுக்கே திரும்புவோம். அங்கே இறங்கும் பயணி அட்டையில் ‘ஆம்’ என்று குறித்து, பையைத் திறந்து காட்டினால் அபராதம் இல்லை. மிஞ்சிப்போனால் பொருள் குப்பைக்குப் போகும். மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலரைத் தொடலாம், தற்காலிக விசாவே ரத்தாகவும் கூடும். தபாலுக்கும் இதே தர்மம்தான். சுங்கச் சீட்டில் ‘பவுடர்’ என்று எழுதிய பொட்டலத்தை ஊடுகதிர்ப் படத்தில் பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு கறுத்த கட்டி மட்டும்தான். அவர் திறந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் செடியின் அறிவியல் பெயர், வேரா இலையா விதையா, எத்தனை கிராம், பதப்படுத்திய முறை என்ன என்று எழுதினால் அவர் சட்டப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அந்நாட்டு அரசின் ‘பைகான்’ என்ற இணையத் தேடலில் அதே பெயரை அனுப்புகிறவரும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

மதுரைப் பார்சலை இனி இப்படிக் கட்டலாம். சீயக்காயைப் பயறு சேர்க்காமல் தனியாக, ஆலைச் சீட்டோடு வாங்கி அனுப்பலாம். பயறு மெல்போர்ன் கடையிலேயே கிடைக்கும், அங்கே அரைத்துக் கலந்துகொள்ளட்டும். சுக்கைத் தனிப் பொடியாக, உறையிட்டதாக அனுப்பிவிட்டு மல்லியையும் சீரகத்தையும் அங்கேயே வாங்கச் சொல்லலாம். நன்னாரி சர்பத்தாகப் போகட்டும். நல்லெண்ணெய் முத்திரை பிரியாத புட்டியில், தனிப் பிளாஸ்டிக் பையில் போகட்டும். தைலத்தை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். அது பேரனைப் பார்க்கப் போகிறவர் கையில் போகும்.