ஒரு லட்சத்திலிருந்து இருபதுக்கும் கீழே

அரசு மருத்துவமனை ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்க வருபவர்களிடம் மருத்துவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்டும் தாள் ஒன்று உண்டு. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை எச்.ஐ.வி. கிருமிகள் இருக்கின்றன என்று சொல்லும் வைரல் லோடு அறிக்கை அது. மாத்திரையே தொடங்காத ஒருவருக்கு அந்த எண் ஒரு லட்சத்தைத் தாண்டியிருப்பது சாதாரணம். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவரின் தாளில் எண்ணே இருக்காது. 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்றோ, 'இருபதுக்கும் குறைவு' என்றோ இருக்கும். "அப்படின்னா எனக்குச் சரியாப் போச்சா, டாக்டர்?" என்பதுதான் அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இல்லை. ஆனால் அந்த வரி சொல்லும் சேதி சின்னதல்ல.

எச்.ஐ.வி. தானாகப் பெருகத் தெரியாத கிருமி. நம் நோய் எதிர்ப்புப் படையை வழிநடத்தும் சிடி4 என்ற வெள்ளை அணுவுக்குள் நுழைந்து, தன் மரபுச் சரத்தை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவின் மரபணுவிலேயே செருகிவிடும். அதன் பிறகு அணு செய்வதெல்லாம் கிருமியின் வேலைதான். சிகிச்சை இல்லாத உடலில் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கோடி புதுக் கிருமிகள் உருவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிடி4 அணுக்களோ அழிந்துகொண்டே வரும். ஆரோக்கியமானவருக்கு 500க்கு மேல் இருக்கும் எண்ணிக்கை, பல ஆண்டுகளில் மெல்லக் கரைந்து 200க்குக் கீழே போகும்போது காசநோயும் வேறு தொற்றுகளும் புகுந்துகொள்கின்றன. அந்தக் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. இருக்கும் எல்லோருக்கும் எய்ட்ஸ் இருப்பதில்லை.

பரவும் வழிகள் சிலவே. ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்றும் அளவுக்குக் கிருமி இருக்கிறது. ஆகவே பாதுகாப்பற்ற உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது, பரிசோதிக்காத ரத்தம், பிரசவமும் பாலூட்டலும் என்று பட்டியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. எச்சில், வியர்வை, ஒரே தட்டில் சாப்பாடு, பொதுக் கழிப்பறை எதிலும் ஆபத்தில்லை. கொசு கடித்தாலும் பரவாது: கொசு நமக்குள் செலுத்துவது அதன் எச்சிலைத்தான், முன்பு உறிஞ்சிய ரத்தத்தை அல்ல, அதன் குடலில் இந்தக் கிருமி செரித்துப்போகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. அன்றைக்கு நோயைச் சொல்ல முடிந்ததே தவிர, கொடுக்க மருந்து இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏ.இசட்.டி. மாத்திரை வந்தது, சில மாதங்கள் கைகொடுத்துவிட்டுத் தோற்றது. காரணம் எளிது. எச்.ஐ.வி. தன்னைப் பிரதியெடுக்கும்போது ஏராளமாகப் பிழை விடும். ஆயிரம் கோடிப் பிரதிகளில் ஏதோ சில அந்த மருந்துக்கு அசையாதவையாக இருக்கும், பிறகு அவை மட்டும் பெருகும். ஒரே நேரத்தில் மூன்று மருந்துகளுக்கும் தப்பும் பிழை அமைவது மிக அரிது. அதனால்தான் 1996இல் மூன்று மருந்துக் கூட்டு வந்ததும் மரணங்கள் சட்டென்று சரிந்தன.

இன்று நம் ஏ.ஆர்.டி. மையங்களில் தரப்படுவது அந்த மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரை: டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் கிருமியின் சரம் டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, மாறியதை மரபணுவில் செருக விடாது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவசச் சிகிச்சை, 2017 முதல் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் நோய் உறுதியான உடனேயே தொடங்கப்படுகிறது. சீக்கிரம் தொடங்குவதில்தான் ஆயுளே இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 2008க்குப் பிறகு சிகிச்சை தொடங்கிய இருபது வயதுக்காரர்களில், ஓராண்டில் சிடி4 350ஐத் தாண்டியவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் சுமார் 78 என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்குள்ள பொதுமக்களின் ஆயுளுக்கு அது மிக அருகில். எண்ணிக்கை 50க்கு இறங்கி, காசநோயோடு வந்து சேருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அந்தத் தாளில் இருக்கும் வரிக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதைக் கண்டுபிடித்ததில் சென்னைக்கும் புனேவுக்கும் பங்குண்டு. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை, இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு தொடர்ந்து கவனித்தது. பாதிப் பேருக்கு உடனே மாத்திரை. மீதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி சிடி4 குறைந்த பிறகு. 2011இல் இடைக்கணக்குப் பார்த்தபோது துணையிடமிருந்தே தொற்றியது 28 பேருக்கு. அதில் 27 பேர் தாமதக் குழுவைச் சேர்ந்தவர்கள். காத்திருந்த எல்லோருக்கும் உடனே மாத்திரை கொடுக்கும்படி ஆயிற்று.

அதைவிட முக்கியமானது 2016இல் வந்த இறுதிக் கணக்கு. துணை மாத்திரை தொடங்கிய பிறகும் எட்டு பேருக்குத் தொற்றியிருந்தது. எப்போது என்று துருவிப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு, சிகிச்சை தொடங்கிய புதிதில், கிருமி இன்னும் அடங்காதபோது. மற்ற நால்வருக்கு, துணையின் சிகிச்சை தோற்றுக் கிருமி மறுபடி ஏறியிருந்தபோது. கிருமி நிலையாக அடங்கியிருந்த காலத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பிறகு ஐரோப்பாவில் ஆணுறை இல்லாமல் உறவுகொண்ட ஜோடிகளிடையே நடந்த பார்ட்னர் ஆய்வுகளிலும் விடை அதேதான்: துணையிடமிருந்து ஒரு தொற்றும் இல்லை.

எனவே, குறைந்தது ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. மற்ற பால்வினை நோய்களுக்கு இந்த வாக்குறுதி இல்லை. அவற்றுக்கு ஆணுறைதான் காவல். கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதும் மிகமிகக் குறைகிறது. ஆனால் பாலூட்டலிலும் பகிர்ந்த ஊசியிலும் ஆபத்து முழுப் பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு ஏன் 'சரியாப் போச்சு' என்று சொல்வதில்லை? சோதனை பார்ப்பது ரத்தத்தில் மிதக்கும் கிருமியைத்தான். முன்பே மரபணுவில் செருகிக்கொண்டு உறங்கும் சிடி4 அணுக்கள் நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் நீறு பூத்த நெருப்பாக இருக்கின்றன. உறங்கும் அணுவை மாத்திரை தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே எண் பழையபடி ஏறிவிடும்.

நன்றாக இருப்பவருக்கும் ஒரு முறை 80 என்றோ 120 என்றோ எண் வந்து, அடுத்த முறை மறைந்துவிடுவதுண்டு. அதற்குப் பதற வேண்டியதில்லை. ஆயிரத்தைத் தாண்டினால்தான் சங்கதி வேறு. அப்போதும் மையத்தில் முதலில் மருந்தை மாற்றுவதில்லை. மாத்திரை எத்தனை நாள் தவறியது, வெளியூர் வேலைக்குப் போனபோது எடுத்துப் போக மறந்தாரா, வீட்டில் மறைத்து வைக்க வேண்டியிருக்கிறதா, சத்து மாத்திரையையோ அமிலத்தைத் தணிக்கும் மருந்தையோ சேர்த்து விழுங்குகிறாரா என்று ஆலோசகர் உட்கார வைத்து விசாரிப்பார். கால்சியமும் இரும்பும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. மூன்று மாதம் சரியாகச் சாப்பிட்ட பிறகு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அந்த எண்ணும் ஆயிரத்துக்கு மேல் நின்றால்தான் இரண்டாம் வரிசை மருந்துகளைப் பற்றிய பேச்சே தொடங்கும்.