பொங்கல் விற்பனைக்குத் தலைப்பை எப்போது மாற்றுவது?

பனையோலைப் பெட்டிகள், கடகங்கள், தைத்த பைகள் என்று எமது பெண்கள் செய்யும் பொருட்கள் இப்போது இணையத்திலும் விற்பனையாகின்றன. பொங்கல் நெருங்கும்போது பொருளின் தலைப்பில் "பொங்கல்" என்ற சொல்லைச் சேர்த்தால் தேடுபவர்களின் கண்ணில் படும் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் ஜனவரி முதல் வாரத்தில்தான் இதைச் செய்கின்றன. கூகுள் அந்த மாற்றத்தைக் கவனிப்பதற்கிடையில் பொங்கல் முடிந்துவிடுகிறது. கடன்பட்டு ஓலை வாங்கிப் பின்னிய பெட்டிகள் அடுத்த ஆண்டுவரை வீட்டு மூலையில் கிடக்கின்றன.

எப்போது மாற்றுவது என்பதை அறிய கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கம் உதவும். கைத்தொலைபேசியில் trends.google.com என்று தட்டினால் போதும். ஒரு சொல்லையும் ஒரு நாட்டையும் கொடுத்து, காலத்தைக் கடந்த ஐந்து ஆண்டுகள் என்று தெரிவுசெய்தால் ஒரு கோட்டுப்படம் வரும். அந்தச் சொல் எந்த வாரத்தில் கூடுதலாகத் தேடப்பட்டது, எந்த வாரத்தில் குறைந்தது என்பதை அது காட்டும்.

அதிலுள்ள எண்களை ஆட்களின் தொகை என்று எண்ணிவிடக் கூடாது. தெரிவுசெய்த காலத்தில் தேடல் உச்சமாக இருந்த வாரத்துக்கு 100 என்று வைத்து, ஏனைய வாரங்களை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். 50 என்றால் உச்சத்தின் பாதி, அவ்வளவுதான். தேடுவோர் மிகக் குறைவாக இருந்தால் 0 என்றே வரும். இலங்கையைத் தெரிவுசெய்து "pongal gift" என்று தேடினால் வெறும் 0 வரக்கூடும். அதைக் கண்டு வாங்குவோர் எவருமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அதே சொல்லைக் கனடாவுக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். "pongal" என்று மட்டும் போட்டால் வெண்பொங்கல் செய்முறை தேடுபவர்களும், தமிழ்நாட்டில் பொங்கலுக்கு வெளிவரும் படங்களைத் தேடுபவர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள். "thai pongal" என்பது எமது ஆட்கள் கூடுதலாகப் பாவிக்கும் சொல். இவற்றின் உச்சம் பொங்கல் நாளையொட்டியே வரும். ஆனால் பொங்கலன்று தேடுபவர் வாழ்த்துப் படமோ நல்ல நேரமோ தேடுகிறார்; பெட்டி வாங்கத் தேடவில்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது உச்சியை அல்ல, கோடு தரையிலிருந்து எழும்பத் தொடங்கும் இடத்தை. "pongal gift", "pongal pot" போன்ற வாங்குவோரின் சொற்களைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். "pongal" உடன் ஒரே படத்தில் போட்டால், அந்தப் பெரிய கோட்டின் கீழே சின்னக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஐந்தாண்டுப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஞாயிறு தொடங்கிச் சனி வரையான ஒரு வாரம். 2023இல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதனால் அதற்கு முந்திய நாட்கள் முழுவதும் முன்னைய புள்ளிக்குள் போய்விட்டன. 2026இல் வியாழக்கிழமை வந்ததால் நான்கு நாள் ஆயத்தமும் பண்டிகையும் ஒரே புள்ளிக்குள் அடங்கின. இரு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வருடம் சனங்கள் முந்தித் தேடியது போலத் தோன்றும். உண்மையில் மாறியது கிழமைதான். எனவே திகதியை வைத்துப் பார்க்காமல் பொங்கலுக்கு எத்தனை நாள் முன்னர் என்று எண்ணுவதே சரி.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு மாதர் குழு பனையோலைப் பரிசுப் பெட்டி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொங்கல் ஜனவரி 15. பெட்டி ரொறன்ரோவிலுள்ள ஒருவரின் கைக்கு 8ஆம் திகதியாவது கிடைக்க வேண்டும். தபாலுக்கு மூன்று வாரம், நத்தார் நெரிசலுக்கு இன்னுமொரு வாரம் என்று ஒதுக்கினால் டிசெம்பர் 11இல் பொதி புறப்பட வேண்டும். பொதி கட்ட மூன்று நாள் வேண்டும் என்பதால் 8ஆம் திகதியுடன் கட்டளைகளை நிறுத்த வேண்டும். வாங்குபவர் பார்த்து யோசித்துக் கேட்க மூன்று வாரம் விட்டால் நவெம்பர் 17. பக்கத்தின் மாற்றத்தைக் கூகுள் பதிந்துகொள்ளச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் நவெம்பர் 3இலேயே தலைப்பை மாற்றியிருக்க வேண்டும்.

இப்போது கோட்டுப்படத்தில் நவெம்பர் மாதத்தைப் பாருங்கள். அங்கே கோடு தரையில் கிடந்தால், அந்த மாதத்தில் பொங்கலைத் தேடுபவர் மிகக் குறைவு என்றுதான் பொருள். தேடாதவருக்காகத் தலைப்பை மாற்றி என்ன பயன்? ரொறன்ரோவுக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு, முன்னர் வாங்கியவர்களுக்கு நவெம்பரில் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவதே மேல் என்பது என் கருத்து.

அதே பெட்டியை வெளிநாட்டில் இருப்பவர் பணம் செலுத்தி, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கும் அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னால் கணக்கே மாறிவிடும். கூரியர் மூன்று நாள், கைகாவலாக ஒரு நாள். 13ஆம் திகதி கிடைக்க ஜனவரி 9இல் அனுப்பினால் போதும். 6ஆம் திகதி வரை கட்டளை எடுக்கலாம். படத்தில் கோடு நத்தார் கழிந்த கையோடு எழும்பத் தொடங்கினால் அந்தத் தேடல் முழுவதும் எமக்குப் பயன்படும். டிசெம்பர் 26இலிருந்து இரண்டு வாரம் பின்னே எண்ணினால் 12ஆம் திகதி வருகிறது. தலைப்பை மாற்ற வேண்டிய நாள் அதுதான்.

ஆனால் டிசெம்பர் 12 நத்தார் வியாபாரம் நடக்கும் நேரம். எல்லாப் பொருளின் தலைப்பையும் மாற்றினால் அந்த விற்பனை பாழாகும். பொங்கலுக்குப் பொருந்தும் ஒன்றிரண்டு பொருட்களில் மட்டும் மாற்றுங்கள். "Palmyra Box, Handmade" என்று இருந்தது "Pongal Gift Box, Palmyra, Delivery in Jaffna" என்று ஆகலாம். முக்கிய சொல் முன்னால் வரட்டும். நீண்ட தலைப்பின் வால் திரையில் வெட்டுப்பட்டுவிடும். பக்கத்தின் இணைய முகவரியை மட்டும் தொட வேண்டாம். முகவரி மாறினால் கூகுளுக்கு அது புதிய பக்கம். பழைய இணைப்பை வைத்திருப்பவருக்கும் பொருள் கிடைக்காது.

மாற்றம் பதிவாகிவிட்டதா என்று அறிய, கூகுளில் site: என்று தட்டி, இடைவெளி விடாமல் பக்கத்தின் முகவரியை எழுதித் தேடுங்கள். புதிய தலைப்பு தெரிந்தால் சரி. பழையதே தெரிந்தால் இன்னும் பதியவில்லை. சில வேளை கூகுள் தானாகவே வேறு தலைப்பைக் காட்டுவதும் உண்டு. சொந்த இணையத்தளம் உள்ளவர்கள் Search Console என்ற கருவியில் Request Indexing என்பதை அழுத்திப் பக்கத்தை மீண்டும் பார்க்கும்படி கேட்கலாம். மற்றவர்களின் தளத்தில் கடை வைத்திருப்போருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் இன்னும் ஒரு வாரம் முந்திக்கொள்வது நல்லது.

பொங்கல் கழிந்ததும் கோடு ஏறியதைவிட வேகமாக விழும். ஜனவரி 20க்குள் பழைய தலைப்பைத் திருப்பிப் போடுங்கள். முதல் கட்டளை எந்த நாள் வந்தது, கடைசிக் கட்டளை எந்த நாள் வந்தது, பொங்கலுக்குப் பிந்தி எத்தனை பேர் கேட்டு ஏமாந்தார்கள் என்பதைக் குழுவின் கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த நவெம்பரில் கோட்டுப்படத்தைப் பார்க்கும்போது அந்தக் கொப்பியும் மேசையில் இருக்க வேண்டும்.