பச்சை டிக் வந்தால் பணம் வந்ததாகுமா?

ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம். மதுரையில் ஒரு ஸ்டேஷனரி கடையில் சாயங்காலக் கூட்டம். "அண்ணே, போட்டுட்டேன்" என்று ஒருவர் செல்போனைத் திருப்பிக் காட்டுகிறார். திரையில் பச்சை டிக், கீழே 340 ரூபாய். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு நோட்டு எடுக்கத் திரும்பிவிடுகிறார். ஊரெங்கும் கடைகளில் நடக்கிற சங்கதிதான். ஆனால் அவர் பார்த்தது கொடுத்தவரின் செல்போனை. பணம் வந்ததா என்பதை வாங்கியவரின் பக்கத்தில் அல்லவா பார்க்க வேண்டும்?

யுபிஐ 2016இல் வந்தது. கடை வாசலில் க்யூஆர் அட்டை இல்லாத தெருவே இன்று இல்லை. அட்டையை மாட்டுவது பத்து நிமிட வேலை. வந்த பணத்தை உறுதி செய்துகொள்வதும், மறுநாள் வங்கிக் கணக்கில் விழும் தொகை நேற்றைய வியாபாரத்தோடு ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதும்தான் பலருக்குச் சிக்கல்.

முதலில் எந்த அட்டை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பல கடைகளில் உரிமையாளர் தன் சொந்த செல்போன் ஆப்பில் இருக்கும் க்யூஆரையே அச்சடித்து ஒட்டியிருப்பார். அதிலும் பணம் வரும். ஆனால் மைத்துனர் திருப்பித் தந்த கடனும் பென்சில் விற்ற காசும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். யுபிஐ வழியாக ரூபே கிரெடிட் கார்டில் கொடுக்க நினைப்பவரின் பணம் அந்த அட்டையில் ஏறாது. ஆகவே வியாபாரிகளுக்கான கணக்கைத் தொடங்குவதே நல்லது. கடைக்காரரின் வங்கியும் தரும், பேமென்ட் ஆப் நிறுவனங்களின் வியாபாரப் பதிப்பிலும் கிடைக்கும். பான் எண், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கடையின் பெயர், என்ன வியாபாரம் என்ற தகவல், பெரும்பாலும் கடை முகப்பின் புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், அட்டை வேலை செய்யும், பணமும் வரும், வங்கிக்குப் போகாமல் மட்டும் நிற்கும்.

அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி. ஸ்டேஷனரி கடை ஒன்றின் அட்டையைப் பிரித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=kadai123@bank&pn=SRI%20STATIONERY&mc=5943&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` என்பது பெயர். `mc` வியாபார வகைக்கான எண். 5943 என்றால் எழுதுபொருள் கடை. `cu` என்பது நாணயம், அதாவது ரூபாய். இந்த வரியில் தொகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் எவ்வளவு என்று வாங்க வந்தவரே தட்ட வேண்டியிருக்கிறது, 340 என்பது 34 ஆகவும் ஆகிவிடுகிறது. பெரிய கடைகளில் பில் மெஷினின் திரையில் வரும் க்யூஆரில் தொகையும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் அது புதிதாக வரும்.

இன்னொன்றும் இந்த வரியிலிருந்து தெரிகிறது. கடைக்கும் அட்டைக்கும் வேறு எந்தப் பிடிமானமும் கிடையாது. மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் பணம் வேறு முகவரிக்குப் போகும், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இதுதான் நடந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் அட்டைகளில் வேறு க்யூஆரை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்தபோது திரையில் வேறு பெயர் வந்ததைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அட்டையைக் கல்லாவுக்குள், கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் இதற்குப் போதுமான காவல். ஸ்கேன் செய்பவரிடம் "என்ன பேரு வருது?" என்று கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறு வியாபாரிகளுக்குப் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025இல் விதி போட்டிருக்கிறது. கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயர் வந்தால் பதற வேண்டியதில்லை.

இனி அந்தப் பச்சை டிக். பணம் போனது போலவே திரையைக் காட்டும் போலி ஆப்கள் புழங்குகின்றன. தொகை, கடைப் பெயர், நேரம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், டிங் என்ற சத்தம்கூட வரும். வங்கியிலிருந்து வந்தது போன்ற எஸ்எம்எஸ்ஸையும் யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அனுப்பலாம். எனவே கடைக்காரர் நம்பத்தக்கவை இரண்டுதான்: சவுண்ட் பாக்ஸ், தன் வியாபார ஆப்பில் இருக்கும் வரவுப் பட்டியல்.

சவுண்ட் பாக்ஸுக்குள் தனி சிம் இருக்கிறது. கடையின் யுபிஐ முகவரிக்குப் பணம் வந்ததும் நிறுவனத்தின் சர்வர் அதற்குத் தகவல் அனுப்புகிறது. வாடிக்கையாளரின் செல்போனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால் போலி ஆப்பால் அதைப் பேச வைக்க முடியாது. யாரோ ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருந்தாலும் அது பேசாது. வாடிக்கையாளர்கள் வரிசையாகப் பணம் போட்டும் பெட்டி வாய் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க் போய்விட்டது, அல்லது அட்டை மாறிவிட்டது. எதுவென்று பார்க்காமல் வியாபாரத்தைத் தொடரக் கூடாது.

பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. தொகையைச் சொல்லும், யார் கொடுத்தது என்று சொல்லாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 50 ரூபாய் பொருள் வாங்கி, ஒருவர் மட்டும் அனுப்பியிருந்தால் ஒரு சத்தத்தில் இருவரும் போய்விடலாம். கூட்ட நேரத்தில் வரவுப் பட்டியலைத் திறந்து பெயரையும் நேரத்தையும் ஒத்துப் பார்க்கத்தான் வேண்டும். அதிலும் தகராறு என்றால் 12 இலக்க எண்ணைக் கேட்கலாம். சில ஆப்களில் `UTR` என்றும், சிலவற்றில் `UPI transaction ID` என்றும் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான இன்னொரு எண்ணையும் ஆப் காட்டும். அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு எண். இரு பக்கத்து வங்கிகளுக்கும் பொதுவானது 12 இலக்க எண்தான்.

போலியும் இல்லாமல் பணமும் வராமல் நடுவில் நிற்கிற நிலை ஒன்று இருக்கிறது. "எனக்குக் கழிஞ்சிடுச்சுண்ணே" என்பார் வாங்க வந்தவர். அவர் திரையில் `Pending` என்று இருக்கும். கடைப் பட்டியலில் ஒன்றும் இருக்காது. இருவர் சொல்வதும் உண்மைதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்தது. கடைக்கு உறுதி வராத பணம், ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு. ஆகவே கடைக்காரர் கையிலிருந்து காசு எடுத்துத் தர வேண்டியதில்லை. தந்துவிட்டால், வங்கியும் திருப்பிக் கொடுக்க, அவருக்கு இரட்டை வரவு. தெரிந்த முகமாக இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு பொருளைக் கொடுத்தனுப்பலாம். தெரியாதவரிடம் ரொக்கமாகக் கேட்கலாம். சற்று நேரம் கழித்து முதல் பணமும் வந்து சேர்ந்தால், பட்டியலில் அந்த வரவைத் தொட்டு, அதற்குள்ளேயே இருக்கும் `Refund` வழியாகத் திருப்ப வேண்டும். சொந்த செல்போனிலிருந்து தனியாக அனுப்பினால் கணக்கில் அது ரீஃபண்டாக ஏறாது. பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. "பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று யார் சொன்னாலும் அது பணத்தை எடுப்பதற்கான வழி.

அடுத்தது ராத்திரிக் கணக்கு. பெட்டி பேசிவிட்டதாலேயே பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. சில வங்கிகளின் அட்டையில் ஒவ்வொரு தொகையும் அப்போதே கணக்கில் ஏறும். ஆப் நிறுவனங்களின் அட்டையில் பொதுவாக நாள் முழுதும் வந்ததை மொத்தமாகச் சேர்த்து மறுநாள் அனுப்புவார்கள். அதைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள்.

அதே கடைக்கு ஒரு புதன்கிழமை 14,860 ரூபாய் யுபிஐயில் வந்ததாக வைத்துக்கொள்வோம். வியாழன் காலை வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருப்பதோ 8,424 ரூபாய் 48 காசு. ஆறாயிரத்துச் சொச்சம் எங்கே? பதற்றத்தில் ஹெல்ப்லைனைத் தேடுவதற்கு முன் ஆப்பில் `Settlement` பக்கத்தைத் திறந்தால் விடை இருக்கும். புதன் மதியம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் உடனடி செட்டில்மென்ட் பொத்தானை அழுத்தி 6,120 ரூபாயை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிச்சம் 8,740. பக்கம் மாறியிருந்த பாடப்புத்தகத்தைத் திருப்பித் தந்தவருக்கு 240 ரூபாய் ரீஃபண்ட். மிச்சம் 8,500. ஒருவர் 3,200 ரூபாய்க்கு ஜியாமெட்ரி பாக்ஸும் பையும் வாங்கி ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கட்டணம் உண்டு. சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இரண்டு என்று கொண்டால் 64 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 11 ரூபாய் 52 காசு. ஆக 75.52 போக 8,424.48. காசு பிசகாமல் பொருந்துகிறது.

சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் எடுக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள விதி. கிரெடிட் கார்டிலும் 2,000 ரூபாய் வரை சிறு வியாபாரிகளுக்குக் கட்டணம் இல்லை. அதனால் பிடித்தம் தெரிந்தால் எந்த வரவுக்கு என்று தொட்டுப் பார்க்க வேண்டும். 150 ரூபாய் வரவுகளில் எல்லாம் பிடித்தம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய விஷயம். சவுண்ட் பாக்ஸின் மாத வாடகையும் சில நாள் இந்தத் தொகையிலேயே கழியும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் கணக்கு இடித்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாள் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாக ஆப்பின் நாள் நள்ளிரவில் முடியும். பத்தரை மணிக்குக் கடையைச் சாத்துபவருக்கு அது பொருட்டல்ல. ராத்திரி இரண்டு மணி வரை புரோட்டா போடும் கடைக்கு ஒரே ராத்திரி வியாபாரம் இரண்டு செட்டில்மென்ட்டில் பிரிந்து வரும்.

செட்டில்மென்ட் பக்கத்தில் `On hold` என்று இருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. பெரும்பாலும் கேஒய்சி முடியாததோ பெயர்ப் பொருத்தமின்மையோதான் காரணம். ஆவணத்தை மறுபடி ஏற்றினால் நின்ற தொகை நகரும். `Settled` என்று காட்டியும் பாஸ்புக்கில் இல்லையென்றால், அந்த செட்டில்மென்ட்டுக்கென்று தனியாக இருக்கும் யூடிஆர் எண்ணை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் காட்டிய எண் அங்கே உதவாது, 90 பேர் கொடுத்த பணம் ஒரே வரவாக விழுந்திருக்கும் கணக்கு அது. மோசடி என்று தெரிந்தால் 1930க்கு அன்றைக்கே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் நிறுத்திவைக்க அந்த எண்ணில்தான் வாய்ப்பு.