பேராக் மக்கள்தொகையைக் கணித்தல்

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேராக் மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.353 மில்லியன். 2020இல் அது 2.496 மில்லியனாக உயர்ந்தது. பத்தாண்டில் கூடியவர்கள் 143,000 பேர், அதாவது 6.1 விழுக்காடு. ஆண்டுக்குச் சராசரியாக 0.6 விழுக்காடு எனக் கொள்ளலாம்.

இதே வேகம் நீடித்தால் 2030இல் எத்தனை பேர் இருப்பர்? முதலில் 2,496,000ஐ 1.006ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 2,511,000. அடுத்த ஆண்டுக்கு இப்புதிய தொகையையே மீண்டும் 1.006ஆல் பெருக்க வேண்டும். பழைய தொகையை அன்று. புதிதாகச் சேர்ந்தோரின் குடும்பங்களும் பெருகுமல்லவா? இவ்வாறு பத்து முறை பெருக்கினால் 2.65 மில்லியன் கிடைக்கும்.

பழைய தொகையையே வைத்துக் கணக்கிட்டால் இங்கு வரும் பிழை சுமார் 4,000 பேர்தான். ஆள் குறையும் ஊரில் அப்பிழை அப்பட்டமாகத் தெரியும். 1,000 பேர் வாழும் தோட்டமொன்றில் ஆண்டுதோறும் 5 விழுக்காட்டினர் வெளியேறுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 50 பேரைக் கழித்தால் இருபதாம் ஆண்டில் எவரும் இல்லை. 0.95ஆல் இருபது முறை பெருக்கினாலோ 358 பேர் எஞ்சுவர்.

ஆயினும், உண்மைத் தோட்டங்கள் இவ்வளவு சீராகக் குறையவில்லை. இரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள்தேவை குறைந்தது. நிலம் விற்கப்பட்ட இடங்களில் லயன் வீடுகள் விரைவிலேயே காலியாயின. அங்கிருந்து ஈப்போவின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோர் மாநிலக் கணக்கில் குறைவதில்லை. தோட்டக் கணக்கில்தான் குறைகின்றனர். எனவே, மாநிலத்தின் 0.6 விழுக்காட்டைத் தோட்டத்திற்குப் பொருத்தினால், வெறிச்சோடிய லயத்திலும் மக்கள் பெருகுவதாகவே விடை வரும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவர் பதிவேட்டைப் பார்த்தாலே அவ்விடை தவறென்பது புலப்படும்.