உடைந்த விளிம்பு சொல்லும் விட்டம்

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது வெளிவந்தவற்றில் ஒரு தட்டு வகை தனிப்பெயர் வாங்கியது. மெல்லிய ஓடு, வழவழப்பான மேற்பரப்பு, சாம்பலும் கருப்புமான நிறம், உள்பக்க அடியில் வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு கீறல் வரிசை. ரௌலட்டட் மட்பாண்டம் என்று தொல்லியல்காரர்கள் சொல்வது இதைத்தான். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கும் அதைப் பார்த்து இங்கே செய்த சரக்கும் கலந்திருப்பதாக வீலர் கருதினார். பிற்பாடு மண்ணைச் சோதித்துப் பார்த்தவர்கள் இது இந்திய மண்ணே என்றார்கள். அழகன்குளத்திலும் கீழடியிலும் கிடைத்திருக்கிறது. இலங்கையில் அனுராதபுரம், கந்தரோடை, அங்கிருந்து பாலித் தீவின் செம்பிரான் வரைக்கும் இதே தட்டின் ஓடுகள் உண்டு.

ஓடுகள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுத் தட்டு கிடைப்பது அபூர்வம். குழியிலிருந்து கூடை கூடையாக வருவதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லுகள். ஆனாலும் அகழாய்வு அறிக்கையைப் புரட்டினால், அங்கே தட்டு முழுதாக வரையப்பட்டிருக்கும், விட்டம் இத்தனை செ.மீ. என்றும் போட்டிருக்கும். எட்டில் ஒரு பங்கு விளிம்பைக் கையில் வைத்துக்கொண்டு மீதி ஏழு பங்கை எப்படி அளந்தார்கள்?

இதற்கு ஸ்கேல் ஒன்றும் மூலைமட்டம் ஒன்றும் போதும். ஆனால் சில்லு விளிம்புச் சில்லாக இருக்க வேண்டும். தட்டின் நடுவயிற்றிலிருந்து உடைந்த துண்டின் ஓரமும் சில நேரம் வளைந்திருக்கும். அது உடைந்த வளைவு, குயவர் போட்ட வளைவு அல்ல. அதை அளந்து ஒரு பயனும் இல்லை. அடிப்பகுதிச் சில்லில் தெரியும் கீறல் வட்டத்தை அளந்தாலும் அந்தக் கீறல் வட்டத்தின் அளவுதான் கிடைக்கும், தட்டின் அளவு கிடைக்காது. விரலால் தடவினால் திரண்டு, வழுவழுப்பாக முடியும் ஓரம்தான் நமக்கு வேண்டியது.

அப்படி ஒரு விளிம்புச் சில்லை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை அதைச் சரியாக நிறுத்துவது. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, தட்டைக் கவிழ்த்து வைப்பதுபோல விளிம்பு கீழே படும்படி சில்லை வைக்க வேண்டும். பிறகு கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, விளிம்புக்கும் தாளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் சில்லை முன்னும் பின்னும் கொஞ்சம் சாய்க்கலாம். ஒரு சாய்வில் வெளிச்சம் முழுக்க மறைந்து, விளிம்பு நெடுகத் தாளில் படிந்துவிடும். அன்று அந்தத் தட்டு எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுதான் இது. இந்த ஒரு காரியத்தில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். சில்லு சாய்ந்தபடி இருந்தால் வளைவும் மாறும், விட்டமும் மாறும்.

அடுத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வெளிப்புறம் ஒட்டி வரைந்தால் தாளில் ஒரு வில் கிடைக்கும். அதில் முனை நொறுங்காத இரண்டு புள்ளிகளைக் குறித்து ஸ்கேலால் நேர்கோடு இழுக்க வேண்டும். அதுதான் நாண். நாணின் நடுப்புள்ளியில் மூலைமட்டத்தை வைத்து வில் வரைக்கும் எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். நம் சில்லில் நாண் 12 செ.மீ., உயரம் 1.2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இனி கணக்கு. நாணில் பாதி 6 செ.மீ. அதை அதாலேயே பெருக்கினால் 36. உயரமான 1.2-ஆல் வகுத்தால் 30. அதோடு அந்த 1.2-ஐக் கூட்டினால் 31.2. தட்டின் விட்டம் 31.2 செ.மீ., கிட்டத்தட்ட ஓர் அடி. இத்தனைதான்.

ஏன் இப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உடைந்துபோன மீதித் தட்டையும் சேர்த்து முழு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நாணின் நடுவே நாம் எழுப்பிய செங்குத்துக் கோட்டைக் கீழ்ப்பக்கமாக நீட்டினால் அது வட்டத்தின் மையம் வழியாகப் போய் எதிர் விளிம்பைத் தொடும். அதாவது அந்தக் கோடுதான் விட்டம். நாண் அதை இரண்டு துண்டாக வெட்டுகிறது. சின்னத் துண்டு நம் கையில் இருக்கிறது, 1.2 செ.மீ. பெரிய துண்டு காணாமல் போன பக்கத்தில் இருக்கிறது.

விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் வட்டத்தின் மேலுள்ள எந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தாலும் அங்கே செங்கோணம் அமையும் என்று பள்ளியில் படித்திருப்போம். நாணின் ஒரு முனைக்கு அப்படி இரண்டு கோடு இழுத்தால், பாதி நாணின் இருபுறமும் இரண்டு முக்கோணங்கள் உண்டாகும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஆனால் வடிவம் ஒன்றே. ஆகவே சின்னத் துண்டுக்குப் பாதி நாண் எத்தனை மடங்கோ, பாதி நாணுக்குப் பெரிய துண்டும் அத்தனை மடங்கு. 1.2-ஐ 5 மடங்காக்கினால் 6. அப்படியானால் 6-ஐ 5 மடங்காக்கினால் 30. காணாமல் போன துண்டு 30 செ.மீ. மேலே வகுத்து வந்த அதே எண்.

யூக்ளிட் இதை வெட்டிக்கொள்ளும் நாண்களைப் பற்றிய தேற்றமாகத் தந்தார். 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் ஆரியபட்டர் நாணை வில்லின் நாணாகவும் அந்த இரண்டு துண்டுகளை இரண்டு அம்புகளாகவும் வைத்து, அம்புகளின் பெருக்கம் பாதி நாணின் வர்க்கத்துக்குச் சமம் என்றார். பானை ஓட்டை அளக்க அவர் சொல்லவில்லை. ஆனால் ஓடு அளக்கிறவர்கள் செய்வது அதையே.

கணக்கில் தவறு வர வழியில்லை. தவறு வருவது அளவில், அதுவும் குறிப்பாக ஓரிடத்தில். நம் சில்லில் நாணை ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்துவிட்டோம் என்றால் விட்டம் அரை செ.மீ. கூடும், அவ்வளவுதான். நடுப்புள்ளியை அரை செ.மீ. தள்ளிக் குறித்துவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கெடாது, வில்லின் உச்சி அவ்வளவு தட்டையாக இருக்கும். ஆனால் உயரத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கதை வேறு. 1.2-க்குப் பதில் 1.1 என்று படித்தால் விட்டம் 33.8 ஆகிவிடும். 1.3 என்று படித்தால் 29 ஆகிவிடும். கூர் மழுங்கிய பென்சிலின் கோடே அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சில்லு சிறுக்கச் சிறுக்க இந்த வில்லங்கம் பெருகும். அதே தட்டின் 6 செ.மீ. நாணுள்ள துண்டு மட்டும் கிடைத்திருந்தால் உயரம் வெறும் 2.9 மில்லிமீட்டர். நாண் பாதியானால் உயரம் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடுகிறது. இப்போது ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் படித்தால் விட்டம் 23.5 செ.மீ. குறைத்துப் படித்தால் 47.6 செ.மீ. ஒன்று சாதாரணத் தட்டு, இன்னொன்று தாம்பாளம். பிசகு இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பதையும் கவனிக்கலாம்: குறைத்துப் படித்தால் விட்டம் அளவுக்கு மீறி எகிறுகிறது. சின்னச் சில்லிலிருந்து பெரிய பாத்திரம் ஒன்றை ஒருவர் அறிவித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உயரத்தைத்தான்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வரைந்த வில்லின் இடப்பாதியில் ஒரு நாண், வலப்பாதியில் அதே நீளத்துக்கு இன்னொரு நாண் போட்டு இரண்டின் உயரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த விளிம்பு உண்மையிலேயே வட்டத்தின் துண்டு. ஒத்துப்போகவில்லை என்றால் சில்லைச் சரியாக நிறுத்தவில்லை, அல்லது பாத்திரமே வட்டமாக இல்லை. சக்கரத்தில் வனைந்ததானாலும் சூளையில் கொஞ்சம் கோணியிருக்கலாம். சக்கரம் இல்லாமல் கையால் செய்த பானையென்றால் விட்டம் என்று ஒற்றை எண் சொல்வதே சரியில்லை.

எந்த ஓரத்தை அளந்தோம் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ரௌலட்டட் தட்டின் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும், ஆகவே விளிம்பு நுனியின் விட்டம் ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே தட்டு அதிகம் அகன்றிருக்கும் இடத்தின் விட்டம் இன்னொன்று. செங்குத்தாகப் பிடித்த பென்சில் காட்டுவது பின்னதை. அறிக்கையில் வாய் விட்டம் என்று போட்டுவிட்டு இதை எழுதினால், அடுத்த ஊர்த் தட்டோடு ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார்.

களத்தில் நூற்றுக்கணக்கான சில்லுகள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் நாண் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த அட்டை இருக்கும். சில்லைக் கவிழ்த்து வைத்து நகர்த்தினால், எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதுவே விட்டம். அட்டையில் மையத்திலிருந்து கிளம்பும் கோடுகளும் இருப்பதால், விளிம்பில் எவ்வளவு பங்கு கையில் இருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். நம் 12 செ.மீ. சில்லு எட்டில் ஒரு பங்கு, 6 செ.மீ. சில்லு பதினாறில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த சில்லுக்கு விட்டம் சொல்லப் பொதுவாகத் தயங்குவார்கள். அட்டை வேலையைச் சுலபமாக்குமே தவிர, பிசகைப் போக்கிவிடாது. சின்னச் சில்லு 28-ஆம் வட்டத்திலும் பொருந்தும், 34-ஆம் வட்டத்திலும் பொருந்தும். அட்டைக்கு அடங்காத பெரிய தாழிக்கும், மண்ணிலிருந்து எடுக்க முடியாமல் பதிந்திருக்கும் விளிம்புக்கும் மறுபடி நாணும் உயரமும்தான் கைகொடுக்கும்.

ஆகவே 31.2 என்ற எண்ணை அப்படியே எழுதிவைப்பது நேர்மையில்லை. அந்த .2-க்கு நம் ஸ்கேல் உத்தரவாதம் தரவில்லை. 29 முதல் 34 செ.மீ. வரை, பெரும்பாலும் 31 என்று எழுதினால் போதும். அறிக்கைப் படங்களில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு: விட்டம் உறுதியில்லாத பாத்திரத்துக்கு விளிம்புக் கோட்டை முழுசாக இழுக்காமல் இடையில் விட்டுவிட்டு வரைவார்கள். அப்படி அறுந்த கோட்டைப் பார்த்தால், பக்கத்தில் போட்டிருக்கும் செ.மீ. கணக்கை அதிகம் நம்ப வேண்டாம்.